இரண்டாம் சரணத்தில் பாட்டு ஏன் தொய்கிறது?

பிடித்த பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னால் பல்லவியைக் கணீரென்று எடுத்துவிடுவோம். முதல் சரணமும் ஏறக்குறைய ஒழுங்காக வந்துவிடும். இரண்டாம் சரணத்தில்தான் சிக்கல். இரண்டு வார்த்தை வரும், அப்புறம் ‘ம்ம்ம்’ வரும், அப்புறம் தாளத்தைத் தட்டிக்கொண்டே பல்லவிக்கு ஓடிவந்துவிடுவோம். ஞாபக மறதி என்று நம்மையே நொந்துகொள்வது வழக்கம். பாதி நேரம் தப்பு நம் மேல் இல்லை. நினைவில் நிற்பதற்கான காரியம் எதையும் அந்தச் சரணம் செய்திருக்காது.

பாட்டு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் எந்த வரியில் தொய்வு தொடங்குகிறது என்று அவர்களால் சட்டென்று சொல்ல முடிவதில்லை. வரிகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். எதுகை விழுந்திருக்கும், சந்தம் பிசகியிருக்காது. ஆனாலும் பாட்டு நடுவில் உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முழுப் பாட்டையும் ஒரே தாளில் விரித்து, உணர்ச்சி எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நடந்து எங்கே போய்ச் சேருகிறது என்று கோடு போட்டுப் பார்ப்பது.

முதலில் நம் பாட்டின் உடம்பைப் பார்த்துவிடலாம். வழக்கமான சினிமாப் பாட்டில் முன்னிசை, பல்லவி, இடையிசை, முதல் சரணம், பல்லவி, மறுபடி இடையிசை, இரண்டாம் சரணம், கடைசியில் பல்லவி என்று வரும். நாலேகால் நிமிடப் பாட்டு என்று வைத்துக்கொண்டால், முதல் சரணம் முடியும்போது சுமார் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டாம் சரணம் முடியும்போது மூன்றரை. நடுவில் உள்ள அந்த ஒன்றரை நிமிடம்தான் ஆபத்தான பகுதி. இரண்டு சரணத்துக்கும் பெரும்பாலும் ஒரே மெட்டு என்பதால், இரண்டாவது முறை வரும்போது மெட்டிலிருந்து காதுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. மேற்கத்திய பாப் பாட்டில் இந்த இடத்துக்குப் பக்கத்தில் வேறு மெட்டில் ஒரு துண்டு வந்து கைகொடுக்கும். அதை ‘பிரிட்ஜ்’ என்பார்கள். நம் வடிவத்தில் அந்த உதவி அதிகம் இல்லை. பாரம் முழுக்க வார்த்தை மேலும் பாடகர் குரல் மேலும் பின்னணி வாத்தியங்கள் மேலும் விழுகிறது.

தொய்வுக்கு இன்னொரு காரணம் பாட்டு எழுதப்படும் முறையிலேயே இருக்கிறது. இயக்குநர் சூழலைச் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரத்தில் பாடித் தருவார். பாடலாசிரியர் பல்லவிக்கு நாலைந்து மாதிரி எழுதிக்கொண்டுபோவார், சரணத்துக்கும் அப்படியே. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ‘இதுவும் நல்லாத்தானே இருக்கு, இத ரெண்டாவதா வெச்சுக்கலாம்’ என்று யாராவது சொல்வார்கள். அந்த இடத்தில்தான் பாட்டு மாட்டிக்கொள்கிறது. ஒரே நாற்காலிக்குப் போட்டியிட்ட இருவரையும் அடுத்தடுத்து உட்காரவைத்தாயிற்று. ஒரே சூழலுக்கு, ஒரே கேள்விக்கு எழுதப்பட்ட இரண்டு பதில்கள் முதல் சரணமாகவும் இரண்டாம் சரணமாகவும் ஆகிவிட்டன. இரண்டாவது சரணம் முதலாவதைத் தொடர்ந்து போகாது. அதே இடத்தில் நின்று அதையே வேறு வார்த்தையில் சொல்லும்.

வரைபடம் போடுவது எளிது. ஒரு தாளைக் குறுக்காக வைத்துக்கொண்டு பாட்டின் பகுதிகளை இடமிருந்து வலமாக எழுத வேண்டும். இடையிசையையும் விடக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் கீழே மூன்று விஷயங்களை ஒற்றை வரியில் குறிக்க வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார்? எந்தக் காலத்தில் நிற்கிறார், நேற்றா, இன்றா, நாளையா? போன பகுதியில் இல்லாத எது இப்போது தெரியவந்தது? இதற்கெல்லாம் மேலே உணர்ச்சியின் உயரத்தைக் கோடாக இழுக்கலாம். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆறா ஏழா என்று யோசிப்பதிலேயே பொழுது போய்விடும். போன பகுதியைவிட ஏறியதா, இறங்கியதா, அப்படியே நின்றதா என்று மட்டும் குறித்தால் போதும். உயரத்தைவிட அந்த மூன்று வரிகள்தான் முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சரணங்களுக்கும் மூன்று வரியும் ஒன்றுபோல் வந்தால் தொய்வு அங்கேதான் இருக்கிறது.

இன்னும் விரைவான சோதனை ஒன்று உண்டு. இரண்டு சரணங்களையும் இடம் மாற்றிப் பாடிப் பார்க்க வேண்டும். மாற்றிப் பாடியும் எதுவும் கெடவில்லை என்றால், பாட்டு முதல் சரணத்துக்குப் பிறகு நகரவே இல்லை என்று பொருள்.

மாற்றினால் கெட்டுப்போகும் பாட்டு எப்படி இருக்கும் என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 1961-ல் வந்த ‘பாசமலர்’ படத்தில் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய ‘மலர்ந்தும் மலராத’ தாலாட்டு. பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் வேறு வேறு இடத்தில் இருந்துகொண்டு தங்கள் தங்கள் குழந்தையைத் தூங்கவைக்கிறார்கள். சூழலைக் கேட்டதுமே கண் கலங்கிவிடும். சாதாரணமாக எழுதுகிறவர் பல்லவியிலேயே பிரிவைக் கொட்டிவிடுவார். அப்புறம் சரணம் சரணமாக அதையே அழ வேண்டியதுதான்.

கண்ணதாசன் அப்படிச் செய்யவில்லை. பாட்டைத் தாளில் விரித்துப் பார்த்தால் தெரியும். தொடக்கத்தில் குழந்தையின் அழகு மட்டுமே. மலர், தென்றல், தமிழ் என்று ஒரு நல்ல தாலாட்டுக்கு உரியவை எல்லாம் வருகின்றன. அடுத்த பகுதியில் குழந்தையின் எதிர்காலம், அது பெரிய ஆளாகி வாழப்போவது. அதற்கும் அடுத்ததில் பொன்னும் வைரமும் கொடுத்து மணம் பேசும் காட்சி. இதுவரை எல்லாமே நாளையைப் பற்றிய ஆசைகள். ஆனால் அந்த மணப் பேச்சுக்குள் ‘மாமன்’ நுழைந்துவிடுகிறார். தாலாட்டில் தாய்மாமன் வருவது நம் ஊரில் சகஜம் என்பதால் கேட்கிறவருக்கு அது உறுத்தாது. பாடுகிறவருக்கோ அந்தச் சொல்லைத் தாண்டி மேலே போக முடியவில்லை. அடுத்த பகுதியில் காலம் திரும்பி நேற்றைக்குப் போய்விடுகிறது. பொத்திப்பொத்தி வளர்த்ததும், நினைத்தே பார்க்காத ஒரு காலம் குறுக்கே வந்து பிரித்ததும் கதையாக வருகின்றன. பேசுவது இன்னும் குழந்தையிடம்தான். பேச்சு மட்டும் குழந்தையை விட்டுப் போய்விட்டது. கடைசியில் மண்ணும் கடலும் வானும் அழிந்தாலும் உறவு அழியாது என்ற உச்சம்.

சந்தம் மாறவில்லை, கேட்கும் குழந்தையும் மாறவில்லை. நாளையிலிருந்து நேற்றைக்குக் காலம் மாறியது, ஆசையிலிருந்து இழப்புக்கு விஷயம் மாறியது. அந்தத் திருப்பத்தைத் தாங்கும் கீல் நடுச் சரணத்தில் இருக்கும் மாமன்தான். பிரிந்த கதையை முன்னாலும் மணப் பேச்சைப் பின்னாலும் வைத்துப் பாடிப் பாருங்கள், பாட்டு குலைந்துவிடும்.

இனி, தொய்ந்துபோன ஒரு பாட்டைப் பிரித்துச் சரிசெய்து பார்க்கலாம். வெளிவந்த பாட்டு எதையும் குறை சொல்ல வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரைக்காகவே ஒன்றைக் கட்டுகிறேன். சூழல் இது: வெளியூரில் வேலை பார்க்கும் மகன், பெற்றோர் காலத்துக்குப் பிறகு பூட்டியே கிடந்த ஊர் வீட்டை விற்க வந்திருக்கிறான். பல்லவி:

சாவி இங்க கையில இருக்குது
சாத்திப்போக மனசு மறுக்குது

முதல் சரணம்:

முற்றத்து மழையில கப்பல் விட்டோம்
முறுக்குச் சட்டியச் சுத்தி நின்னோம்
அம்மா போட்ட கோலத்து மேல
ஆடி ஓடி வாங்கிக்கிட்டோம்

இரண்டாம் சரணம்:

கிணத்தடி வேம்பில ஊஞ்சல் போட்டோம்
கிளிக்குப் பழத்துல பங்கு வெச்சோம்
தாத்தா படுத்த கயித்துக் கட்டில்
தாளம் தட்டிப் பாட்டுக் கேட்டோம்

வரிகளில் பெரிய குறை இல்லை. கிளிக்குப் பங்கு வைப்பது எனக்கே பிடித்த வரி. ஆனால் தாளில் குறித்தால் என்ன வருகிறது? முதல் சரணம்: தனக்குத்தானே பேசுகிறான், நேற்றில் நிற்கிறான், அந்த வீட்டில் சந்தோஷமாக வளர்ந்தான் என்று தெரிகிறது. இரண்டாம் சரணம்: தனக்குத்தானே பேசுகிறான், நேற்றில் நிற்கிறான், அந்த வீட்டில் சந்தோஷமாக வளர்ந்தான் என்று தெரிகிறது. இடம் மாற்றிப் பாடினாலும் ஒன்றும் ஆகாது. முற்றத்தில் நின்றவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனோமே தவிர, பாட்டைக் கூட்டிப்போகவில்லை. இப்படி ஒரு பாட்டைக் கேட்டவரிடம் அரை மணி நேரம் கழித்து விசாரித்தால், ‘வீட்டை விக்கப் போறான், பழசெல்லாம் நினைச்சுப் பார்க்கிறான்’ என்பார். இரண்டு சரணமும் அவர் மனதில் ஒட்டி ஒன்றாகிப்போயிருக்கும்.

சரி, ஏற்றம் வேண்டும். கைக்கு முதலில் வருவது அம்மாவின் சாவு. அம்மா கண்ணை மூடும்போது மகன் பக்கத்தில் இல்லை, போனில் செய்தி வந்தது என்று இரண்டாம் சரணத்தில் எழுதலாம். கேட்கிறவர் கலங்குவார், கோடு ஒரேயடியாக மேலே போகும். அடுத்த வினாடி என்ன வருகிறது என்று வரைபடம் கேட்கும். ‘சாவி இங்க கையில இருக்குது.’ சாவுக்குப் பக்கத்தில் சாவி அற்பமாகிவிடுகிறது, கோடு செங்குத்தாகக் கீழே விழுகிறது. நடுப்பகுதியைத் தூக்கப்போய்க் கடைசிப் பல்லவியைக் கொன்றாயிற்று. சரணங்களை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது. நடுவில் என்ன வைத்தாலும் அதன் வேலை, அடுத்து வரப்போகும் பல்லவிக்கு வழி செய்வது. அந்தப் பல்லவியால் தாங்க முடியாததை அதற்கு முன்னால் வைக்க முடியாது.

ஆகவே கேள்வியைப் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும். பல்லவி மூன்று முறை வருகிறது. வார்த்தை அதேதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பொருள் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல்முறை கேட்கும்போது இது ஒரு செய்தி. முதல் சரணத்துக்குப் பிறகு, இத்தனை அருமையான வீட்டை எப்படிச் சாத்திவிட்டுப் போவது என்ற ஏக்கம். மூன்றாவது முறை என்னவாக வேண்டும்? இன்னும் கொஞ்சம் பெரிய ஏக்கமா? அப்படியானால் பழைய இரண்டாம் சரணமே போதும். ‘சாத்திப்போக மனசு மறுக்குது’ என்று உருகுகிறவன் இத்தனை வருஷம் அந்த வீட்டைச் சாத்தித்தானே வைத்திருந்தான்? அதை யாராவது அவன் முகத்துக்கு நேரே கேட்டால் எப்படி இருக்கும்?

வாங்க வந்தவர் டேப்பப் புடிச்சார்
வடக்குச் சுவத்துல விரிசல் பார்த்தார்
எத்தன வருஷமாப் பூட்டிக் கெடக்கு?
எண்ணிச் சொல்ல முடியல எனக்கு

இப்போது தாளில் குறித்துப் பார்த்தால் மூன்று வரியும் மாறியிருக்கின்றன. தனியே பேசிக்கொண்டிருந்தவன் முன்னால் இன்னொருவர் வந்து நிற்கிறார். காலம் நேற்றிலிருந்து இன்றைக்கு வந்துவிட்டது. வீடு அருமையானது என்பதோடு, அதை அவன் கைவிட்டிருந்தான் என்பதும் தெரிகிறது. இடம் மாற்றிப் பாட முடியாது. விரிசலை முதலில் காட்டிவிட்டால் முறுக்குச் சட்டி வெறும் சமாதானமாகப் போய்விடும். கடைசிப் பல்லவியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அதே வரி இப்போது பாடுகிறவனையே குத்துகிறது.

உணர்ச்சிக் கோட்டைப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். புதிய சரணத்தின் முதல் இரண்டு வரிகளில் கோடு இறங்குகிறது. டேப், வடக்குச் சுவர் எல்லாம் பத்திரப்பதிவுப் பேச்சு. கண்ணீர் எதுவும் இல்லை. அந்த இறக்கம் தேவைதான். முதல் சரணம் ஏக்கத்தில் முடிந்திருக்கிறது, அதற்கு மேலேயே அடுக்கிக்கொண்டு போனால் கேட்கிறவருக்குச் சலித்துவிடும். தொய்வு வேறு, இறக்கம் வேறு. தொய்வில் எதுவும் மாறாமல் நேரம் மட்டும் போகும். இறக்கத்தில் சத்தம் குறைந்தாலும் செய்தி வந்துகொண்டே இருக்கும். தாளில் கோடு கீழே வந்ததும் பதறிப்போய் அங்கே ஓர் அழுகையைச் செருகுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

இசைப் பக்கத்திலும் இந்தத் தாள் பயன்படும். இரண்டாம் இடையிசை என்ன செய்ய வேண்டும் என்று இப்போது இசையமைப்பாளருக்குத் தெரியும். முதல் இடையிசையையே திரும்ப வாசித்தால் கேட்கிறவர் இன்னொரு பால்ய நினைவுக்குத் தயாராகிவிடுவார். இளையராஜா பாட்டுகளில் முதல் இடையிசையும் இரண்டாம் இடையிசையும் வேறு வேறாக இருப்பதை ரசிகர்கள் அலசி அலசிப் பேசுவார்கள். வித்தை காட்டுவதற்காக மட்டும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை, அடுத்த சரணத்துக்கு வாசலை மாற்றி வைப்பதற்காகவும் செய்யலாம். நம் பாட்டில் இரண்டாம் இடையிசையின் கடைசியில் தாள வாத்தியத்தை நிறுத்திவிட்டு, ஆள் வரும் சத்தம் கேட்பதுபோல் கொஞ்சம் வெறுமையாக விடலாம். ‘வாங்க வந்தவர்’ என்ற வரியை உருக்கம் இல்லாமல், கணக்குச் சொல்வதுபோல் பாடும்படி பாடகரிடம் சொல்லலாம். உருக்கம் ‘எண்ணிச் சொல்ல’ என்ற இடத்தில் வந்தால் போதும். மாறாக, வார்த்தை நகராத சரணத்துக்கு இருபது வயலினைச் சேர்த்தாலும் சத்தம் கூடுமே தவிரப் பாட்டு நகராது. கடைசிப் பல்லவியைச் சுருதி கூட்டிப் பாடவைப்பதும் பல நேரம் இப்படித்தான். நடுவில் ஏற வேண்டியது ஏறாததால் கடைசியில் ஏணி போடுகிறார்கள்.

எல்லாப் பாட்டையும் இந்தத் தாளில் கிடத்திப் பார்க்க வேண்டியதில்லை. கும்மிப் பாட்டும் நடவுப் பாட்டும் எங்கேயும் போய்ச்சேர வேண்டியவை அல்ல. வேலை முடியும்வரை சுற்றிச் சுற்றி வருவதுதான் அவற்றின் பலம். அவற்றில் சரணங்களை இடம் மாற்றினாலும், நடுவே யாராவது புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குத்துப்பாட்டும் அப்படித்தான். பட்டியல் போட்டு ஒருத்தியை வர்ணிக்கும் காதல் பாட்டில் இரண்டு சரணமும் ஒரே இடத்தில் நின்றாலும் மெட்டின் சுகத்தில் தப்பித்துவிடும். கதைக்குள் ஒருவன் மனம் மாற வேண்டிய பாட்டு, ஒரு முடிவுக்கு வர வேண்டிய பாட்டு, ஒன்றை மறைத்துப் பிறகு சொல்ல வேண்டிய பாட்டு, இவைதான் இந்தச் சோதனைக்கு ஏற்றவை.

எழுதியவரே தன் பாட்டுக்குக் கோடு போடும்போது ஒரு சங்கடம் உண்டு. கதை முழுவதும் அவர் தலைக்குள் இருப்பதால், வரியில் இல்லாததையும் இருப்பதாக நினைத்துக்கொண்டு ‘புதிதாகத் தெரியவந்தது’ என்று குறித்துவிடுவார். ‘கயித்துக் கட்டில்’ என்று எழுதும்போது தாத்தா இப்போது இல்லை என்ற துக்கம் அவருக்கு இருக்கும், வரியில் இருக்காது. ஆகவே சூழல் தெரியாத ஒருவரிடம் பாட்டைக் கொடுத்து மூன்று வரிகளையும் அவரையே எழுதச் சொல்வது நல்லது. இரண்டாம் சரணத்துக்குக் கீழே அவர் எதுவும் எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தால் விடை கிடைத்துவிட்டது. அவரிடம் விளக்கம் சொல்லக் கூடாது. ரேடியோவில் கேட்கிறவருக்குப் பாடலாசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கம் சொல்லப்போவதில்லை.

வெட்டியெடுத்த வேம்பும் ஊஞ்சலும் கிளியும் என்ன ஆவது? முதல் சரணத்தில் முறுக்குச் சட்டியைவிடக் கிளி நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முறுக்குச் சட்டியைச் சுற்றி எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தான் நின்றிருப்பார்கள். பழத்தில் கிளிக்குப் பங்கு வைத்த பையன்தான் பின்னால் வீட்டைப் பூட்டிப்போட்டான் என்றால் இரண்டாம் சரணத்தின் கேள்வி இன்னும் ஆழமாக இறங்கும். சந்தமும் இடிக்கவில்லை. முற்றத்து மழைக்கு அடுத்த வரியாக அதை வைத்துவிடலாம். ‘மு’வுக்கு ‘கி’ மோனையாக வராது என்று யாராவது சொன்னால், அதற்காக முறுக்கைத் திரும்பக் கொண்டுவர மாட்டேன்.